ஒரு பெட்டிக்கு எத்தனை வாரம்?
கிராமக் கடைகளின் கொள்முதல் கணக்கு

நமது ஒன்றியத்திலுள்ள ஓர் ஊராட்சியில் மகளிர் சுய உதவிக் குழு ஒன்று மளிகைக் கடை நடத்தி வருகின்றது. ஏறத்தாழ முந்நூறு வீடுகள் கொண்ட ஊர். குழுவினர் தம் சேமிப்பிலிருந்தும் வங்கிக் கடனிலிருந்தும் ரூ. 40,000 திரட்டிக் கடையில் முதலாக இட்டனர். ஓராண்டு சென்றபின் அக்கடையைப் பற்றி ஒரு முறையீடு நம்மிடம் வந்தது. கடையில் வியாபாரம் நடக்கிறது. ஏட்டில் இலாபமும் தெரிகிறது. ஆயினும் ரொக்கப் பெட்டியில் பணமில்லை. சமையல் எண்ணெயும் சலவை சோப்பும் வாரந்தோறும் இரண்டு மூன்று நாள் கிடைப்பதில்லை. ஆகவே பணம் எங்கோ போகின்றது என்று ஊரார் பேசத் தொடங்கினர். பேச்சு யாரைச் சுட்டியது என்பதை விளக்க வேண்டியதில்லை. கணக்கு வைத்திருந்த பொருளாளர் அம்மையார் சாவியைத் தலைவியிடம் ஒப்படைத்துவிட்டு, "ஐயா, நீங்களே வந்து எண்ணிப் பாருங்கள், அதுவரை நான் கடைப்படி ஏறமாட்டேன்" என்று நமக்குச் சொல்லியனுப்பினார்.

நாமும் ஊராட்சி மன்ற உறுப்பினர் இருவரும் ஒரு நாள் முழுவதும் அமர்ந்து சரக்கை எண்ணினோம். ரொக்கம் ரூ. 2,600, சரக்கின் கொள்முதல் மதிப்பு ரூ. 37,800, ஆக ரூ. 40,400. இட்ட முதல் அப்படியே இருந்தது. ஒரு காசும் களவு போகவில்லை. ஆனால் அந்த ரூ. 37,800-ஐ இரண்டாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது. நான்கு வாரத்திற்குள் விற்றுத் தீரக்கூடிய சரக்கு ரூ. 11,300 மட்டுமே. எஞ்சிய ரூ. 26,500 பெறுமான சரக்கு விற்றுத் தீர இரண்டு மாதம் முதல் அரை ஆண்டு வரையிலும், சில சரக்கில் அதற்கு மேலும் ஆகும். பணம் யார் வீட்டிற்கும் போகவில்லை. பரண்மேல் அட்டைப் பெட்டிகளாக ஏறி உட்கார்ந்திருந்தது.

இது எப்படி நேர்ந்தது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். சிறு கடை வைத்திருப்போர், கூட்டுறவு முறையில் கடை நடத்துவோர், அவற்றின் கணக்கைப் பார்வையிடும் ஊராட்சி உறுப்பினர் ஆகிய அனைவருக்கும் இது பயன்படும்.

ஏஜென்சியாரின் இரண்டு விதிகள்

நகரத்து ஏஜென்சியிலிருந்து அக்கடைக்கு வாரம் ஒருமுறை வண்டி வருகின்றது. திங்களன்று விற்பனையாளர் வந்து ஆர்டர் எடுத்துக்கொள்வார். வியாழனன்று சரக்கு வந்திறங்கும். ஏஜென்சியாருக்கு இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, எந்தச் சரக்கையும் பெட்டியாகவே எடுக்க வேண்டும். பெட்டியைப் பிரித்துக் கொடுக்க மாட்டார்கள். மற்றொன்று, ஒரு நடைக்கு ரூ. 5,000-க்குக் குறைந்து ஆர்டர் ஏற்க மாட்டார்கள்.

இவ்விதிகள் கொடுமைக்காக ஏற்பட்டவையல்ல. பெட்டியைப் பிரித்தால் எண்ணிக் கொடுக்க ஆள் வேண்டும்; எஞ்சியது உடையும், நசுங்கும், கணக்குத் தவறும். வண்டியை ஓர் ஊரில் நிறுத்திச் சரக்கிறக்கக் கூலியும் எரிபொருளுமாக ரூ. 150 செலவாவதாகக் கொள்வோம். ஏஜென்சியாருக்கு நூற்றுக்கு 5 ரூபாய் நிற்பதாக வைத்துக்கொண்டால், ரூ. 5,000 சரக்கில் அவருக்கு ரூ. 250 கிடைக்கும், ரூ. 1,000 சரக்கில் ரூ. 50 மட்டுமே கிடைக்கும். சிறிய ஆர்டருக்கு வண்டி நிறுத்துவது அவருக்கு நஷ்டம். விதியின் காரணம் இதுவே. ஆனால் அவருடைய செலவு மீதமாகும்போது, அதன் சுமை கடைக்காரரின் முதலின்மேல் வந்து விழுகின்றது.

வாங்குவோருக்கு இத்தொல்லை நெடுநாளைக்கு முன்பே ஓரளவு தீர்ந்தது. கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் என்பார் ஷாம்பு முதலியவற்றைச் சிறு பைகளில் அடைத்து விற்கும் முறைக்கு முன்னோடியாக விளங்கினார். இன்று கூலி வேலை செய்பவரும் ஒரு நாளைக்கு வேண்டிய அளவை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். பொட்டலம் சிறுத்தது, ஆனால் அப்பொட்டலங்கள் கடைக்கு வரும் பெட்டி சிறுக்கவில்லை.

தேவை இரண்டு, வருவது நாற்பத்தெட்டு

உழவர்களுக்கு இது புதிதன்று. வயலுக்கு 20 கிலோ யூரியா வேண்டியிருக்கும். ஆனால் மூட்டை 45 கிலோ. தேவையை மூட்டைக் கணக்கிற்கு உயர்த்தித்தான் வாங்க வேண்டியிருக்கின்றது. கடையிலும் அவ்வாறே. எண்களை எளிமைக்காக முழுமையாக்கி, இரண்டு சரக்கை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது சலவை சோப்பு. வாரத்திற்கு 36 கட்டி விற்கின்றது, பெட்டிக்கு 72 கட்டி, கொள்முதல் ரூ. 18, விற்பனை ரூ. 20. இரண்டாவது பெரிய பற்பசை. வாரத்திற்கு 2 விற்கின்றது, பெட்டிக்கு 48, கொள்முதல் ரூ. 90, விற்பனை ரூ. 100.

திங்களன்று ஆர்டர் கொடுக்கும்போது எவ்வளவு தேவை என்று எப்படி அறிவது? இந்த வியாழன் வரும் சரக்கு, அதற்கடுத்த வியாழன் வரை தாங்க வேண்டும். அதாவது ஏறத்தாழ ஒன்றரை வாரம். அத்துடன் எதிர்பாராத விற்பனைக்குச் சிறிது காப்பிருப்பு. இவ்விரண்டையும் கூட்டிக் கையிருப்பைக் கழித்தால் வருவதே உண்மைத் தேவை.

சோப்புக்கு ஒன்றரை வார விற்பனை 54, காப்பிருப்பு 12, ஆக 66. கையிருப்பு 20 என்றால் தேவை 46. வருவதோ ஒரு பெட்டி, 72. மிகை 26. அது ஐந்து நாள் விற்பனை, ஒன்றும் கெட்டுவிடாது.

பற்பசைக்கு ஒன்றரை வார விற்பனை 3, காப்பிருப்பு 1, ஆக 4. கையிருப்பு 2 என்றால் தேவை 2. வருவதோ 48. மிகை 46. அது 23 வார விற்பனை! இரண்டு சரக்கிலும் ஒரு பெட்டிதான் வாங்கினோம். எனினும் ஒன்றில் மிகை ஐந்து நாள், மற்றொன்றில் ஐந்து மாதத்திற்கு மேல். ஆகவே மிகையை எண்ணிக்கையால் அளப்பது தவறு. வாரத்தால் அளக்க வேண்டும்.

இனிப் பணத்தின் கணக்கைப் பார்ப்போம். சோப்பில் சராசரி இருப்பு அரைப் பெட்டியும் காப்பிருப்பும் சேர்ந்து 48 கட்டி, அதாவது ரூ. 864. வார இலாபம் ரூ. 72. முடங்கிய ஒவ்வொரு ரூபாயும் வாரத்திற்கு 8 பைசா ஈட்டுகின்றது. பற்பசையில் சராசரி இருப்பு அரைப் பெட்டி, அதாவது ரூ. 2,160. வார இலாபம் ரூ. 20. ஒரு ரூபாய் ஈட்டுவது ஒரு பைசாவுக்கும் குறைவு. முதல் சிறியதாகவுள்ள கடையில், ஒரே வாரத்தில் இத்தகைய மூன்று பெட்டிகளின் முறை வந்துவிட்டால் ரூ. 12,000-க்கு மேல் அவற்றுக்கே போய்விடும். அடுத்த வாரம் சோப்புக்கும் எண்ணெய்க்கும் பணமிராது. நமது குழுவின் கடையில் நிகழ்ந்தது இதுவே. அலமாரி நிறைந்திருக்க, மக்கள் கேட்டது இல்லை. சோப்பு வாங்க நகரத்திற்குப் பேருந்து ஏறியவர் அங்கேயே மாதச் சாமான் முழுவதையும் வாங்கித் திரும்பினார்.

மிகை எப்போது இரட்டிக்கின்றது?

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். பெட்டிக் கணக்கிற்கு உயர்த்துவதால் வரும் மிகை வாரந்தோறும் குவிந்துகொண்டே போவதில்லை. ஒவ்வொரு முறையும் கையிருப்பைக் கழித்து ஆர்டர் கொடுத்தால், இன்று மிஞ்சியது நாளைய தேவையைக் குறைத்துவிடும். மிகை ஒருபோதும் ஒரு பெட்டியைத் தாண்டாது. தாண்டினால், கையிருப்பை எண்ணாமல் ஆர்டர் போயிருக்கின்றது என்று பொருள்.

அக்கடையில் பற்பசை 79 இருந்தது. பிரித்த பெட்டியில் 31. பிரிக்காத பெட்டி ஒன்று. இரண்டும் பரண்மேல். முன் அலமாரியில் பற்பசை தீர்ந்ததைக் கண்ட ஓர் உறுப்பினர், பரணைப் பாராமல் ஆர்டர் சொல்லியிருக்கின்றார். ரூ. 7,110 பெறுமான பற்பசை, ஏறத்தாழ நாற்பது வாரத்திற்குப் போதுமானது, அங்கே உறங்கிக்கொண்டிருந்தது. மற்றொரு தவறும் உண்டு. இன்று விற்பனையாளர் ஆர்டரைக் கைப்பேசியில் பதிகின்றார். திரையில் 2 என்று பதிந்தால் அது இரண்டு பற்பசையா, இரண்டு பெட்டியா என்பதைக் கேட்டறிய வேண்டும். "இரண்டு போடுங்கள்" என்று வாயால் சொல்லிவிட்டு, வியாழனன்று இரண்டு பெட்டி வந்திறங்கக் கண்டு திகைத்தவர் உளர்.

கெட்டுப்போகும் சரக்கில் இழப்பு இன்னும் வெளிப்படையானது. விலையுயர்ந்த பிஸ்கட் ஒன்று வாரத்திற்கு 3 பொட்டலம் விற்கின்றது, பெட்டிக்கு 72, கொள்முதல் ரூ. 27, விற்பனை ரூ. 30. அதன் ஆயுள் ஆறு மாதம், அதாவது 26 வாரம். பெட்டி கடைக்கு வரும்போதே 8 வாரம் கழிந்திருந்தால் மிஞ்சுவது 18 வாரம். அதற்குள் விற்பது 54. இலாபம் ரூ. 162. எஞ்சிய 18 பொட்டலத்தில் இழப்பு ரூ. 486. பெட்டி வாங்கிய அன்றே இந்த நஷ்டம் எழுதப்பட்டுவிட்டது. ஐந்தாம் மாதத்தில்தான் நாம் அதைப் படிக்கின்றோம். காலாவதிச் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா, எவ்வளவு நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பதை வாங்குமுன் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுதல் நலம்.

ஐயாயிரம் ரூபாய் விதி

அடுத்து, குறைந்த அளவு ஆர்டர் விதி. அந்த ஏஜென்சியின் சரக்கில் கடையின் உண்மையான வாரத் தேவை ரூ. 3,500. விதியோ ரூ. 5,000. ரூ. 1,500 குறைகின்றது. அந்த இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புவது? விற்பனையாளர் கையில் எப்போதும் ஒரு 'ஸ்கீம்' இருக்கும்: பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்பார். அவர் தள்ள விரும்புவது பெரும்பாலும் தானே நகராத சரக்காகவே இருக்கும். வாரந்தோறும் இவ்விதம் நிரப்பியதால்தான் பரண் நிறைந்தது.

சரியான வழிகள் இரண்டு. வேகமாக விற்கும் சரக்கில் அடுத்த வாரம் எப்படியும் வேண்டியதை இந்த வாரமே எடுத்து நிரப்பலாம்; பணம் ஒரு வாரம் முன்னதாகச் செல்லுமேயன்றி முடங்காது. அல்லது இரண்டு வாரத்திற்கு ஒருமுறை ரூ. 7,000-க்கு ஆர்டர் கொடுக்கலாம். அப்படிச் செய்தால் ஒன்றை மறக்கலாகாது: மேலே ஒன்றரை வாரம் என்று கொண்டது இப்போது இரண்டரை வாரமாகிவிடும். சோப்புக்கு 66-க்குப் பதில் 102 தேவை. இக்கணக்கை மாற்றாமல் நடையை மட்டும் குறைத்தால், வேகமான சரக்கு இடையில் தீர்ந்துவிடும்.

செய்ய வேண்டிய கணக்கு

ஒவ்வொரு சரக்கிற்கும் பெட்டியின் எண்ணிக்கையை வார விற்பனையால் வகுக்க வேண்டும். சோப்புக்கு 72-ஐ 36-ஆல் வகுத்தால் 2 வாரம். பற்பசைக்கு 48-ஐ 2-ஆல் வகுத்தால் 24 வாரம். நான்கு வாரத்திற்குள் வருவதைத் தயங்காமல் பெட்டியாக வாங்கலாம். நான்கிற்கும் எட்டிற்கும் இடையில் உள்ளதைக் கைப்பணத்தைப் பார்த்து வாங்கலாம். எட்டு வாரத்திற்கு மேற்பட்டதைச் சிறு முதல் உள்ள கடை பெட்டியாக வாங்கலாகாது. இந்த எல்லை சட்டமன்று. முதல் பெரிதானால் எல்லையும் நீளும்.

அப்படியானால் பற்பசையை எங்கே வாங்குவது? வாரச் சந்தைக்குக் காய்கறி எடுக்கச் செல்பவர், அங்குள்ள மொத்தக் கடையில் உதிரியாக ஆறு வாங்கி வரலாம். விலை ரூ. 90-க்குப் பதில் ரூ. 93. இங்கே கூட்டத்தில் ஓர் உறுப்பினர், "மூன்று ரூபாய் அதிகம் கொடுத்து வாங்குவது புத்திசாலித்தனமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வியே. 48-க்கு அதிகச் செலவு ரூ. 144. முடக்கத்திலிருந்து விடுபடும் பணம் சராசரி ரூ. 1,800. குழுவின் உள்கடன் வட்டியான மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வீதத்தில், ஐந்தரை மாதத்திற்கு அதன் வட்டி ஏறத்தாழ ரூ. 100. வட்டியை மட்டும் பார்த்தால் பெட்டியே மலிவு! கையில் பணம் தாராளமாக உள்ள கடைக்காரர் பெட்டி வாங்குவதில் பிழையில்லை. ஆனால் பணம் இறுக்கமாக உள்ள கடையில் உண்மையான விலை வட்டியன்று. அப்பணம் இல்லாமையால் விற்காமற்போன சோப்பே. சோப்பு ஒரு வாரம் இல்லையெனில் இழப்பு ரூ. 72, இரண்டு வாரம் இல்லையெனில் ரூ. 144. இருபத்து நான்கு வாரத்தில் இரண்டே வாரம் சோப்பு தட்டுப்பட்டால் கணக்கு சரியாகிவிடுகின்றது. அக்கடையில் தட்டுப்பாடு அதைவிட அதிகம்.

மற்றொரு வழி பெட்டியைப் பங்கிடுதல். ஒரே வண்டித் தடத்திலுள்ள மூன்று கடைகள் ஒரு பெட்டியைப் பதினாறு பதினாறாகப் பிரித்துக்கொண்டால், ஒவ்வொருவருக்கும் 8 வாரச் சரக்கு, ரூ. 4,320-க்குப் பதில் ரூ. 1,440 போதும். இதில் இரண்டு எச்சரிக்கை. பங்குப் பணத்தைச் சரக்கு கைமாறும் அன்றே கொடுத்துவிட வேண்டும். இல்லையேல் பெட்டி வாங்கியவர் மற்றவர்க்குக் கடன் கொடுத்தவராவார். எந்தச் சரக்கை யார் பெயரில் எடுப்பது என்பதை முன்கூட்டி ஏட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். இல்லையேல் மூவரும் அதே பெட்டியை எடுத்துவிடுவர்.

ஏஜென்சியாருக்கும் இதில் நன்மையுண்டு. ஆறு கடைகளில் வாரத்திற்கு இரண்டு வீதம் மொத்தம் 12 பற்பசை விற்பதாகக் கொள்வோம். நான்கு வாரத்திற்கு ஒரு பெட்டிதான் உண்மை விற்பனை. ஆனால் மூன்று கடைகள் ஒரே வாரத்தில் பெட்டி கேட்டால் அவர் கண்ணுக்கு 144 தெரியும். அதன்பின் பல வாரம் ஒன்றுமே தெரியாது. பற்பசை திடீரென விற்கிறதென்று அவர் கம்பெனியிடம் கூடுதலாகக் கேட்பார். பிறகு தேங்கியதை நம்மிடமே 'ஸ்கீம்' போட்டுத் தள்ளுவார். ஹாவ் லீ முதலிய அறிஞர் மூவர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், கடையில் சீராக இருக்கும் விற்பனை மேலே செல்லச் செல்ல ஏறி இறங்கித் தோன்றுவதற்குரிய நான்கு காரணங்களுள் ஒன்றாக, ஆர்டர்களை மொத்தமாகச் சேர்த்துக் கொடுப்பதைக் குறித்துள்ளனர். பரணின் நெரிசல் நம் ஊரோடு நிற்பதில்லை.

கணக்கின் வரம்பு

வார விற்பனை என்பதை ஒரு வாரத்தை வைத்து முடிவு செய்யலாகாது. நான்கு வாரத்தைக் கூட்டி நான்கால் வகுக்க வேண்டும். சரக்கு இல்லாதிருந்த வாரத்தைச் சேர்க்கக் கூடாது. அது விற்பனைக் குறைவன்று, சரக்குக் குறைவு. மழைக்காலத்தில் கொசுவர்த்தியும், பொங்கலுக்கு முன் வெல்லமும் நெய்யும் வேகமெடுக்கும். அப்போது எட்டு வாரப் பெட்டி மூன்று வாரத்தில் தீரும். அதுபோலவே பண்டிகை முடிந்த மறுவாரம் பழைய வேகத்திற்குத் திரும்பிவிட வேண்டும். புதிதாக வரும் சரக்கின் வேகம் யாருக்கும் தெரியாது. அதை முதன்முறை பெட்டியாக எடுக்கவே கூடாது.

அக்கடையில் இப்போது ஒவ்வொரு பெட்டியின் மேலும் வந்த நாளும், உள்ளிருக்கும் எண்ணிக்கையும், எத்தனை வாரச் சரக்கு என்பதும் கரித்துண்டால் எழுதப்பட்டுள்ளன. திங்களன்று பரணைப் பார்த்த பின்னரே ஆர்டர். அந்த 79 பற்பசையில் 40-ஐ அண்டை ஊர்க் கடைகள் இரண்டு கொள்முதல் விலைக்கு எடுத்துக்கொண்டன. அன்று வந்த ரூ. 3,600-இல் எண்ணெயும் சோப்பும் வாங்கப்பட்டன. பிஸ்கட்டில் ஒரு பகுதி வீணாயிற்று. அதை நஷ்டமென்று எழுதிக் கழித்தார்கள்.

ஊராட்சி உறுப்பினர்கள் இத்தகைய கடையைப் பார்வையிடும்போது, ரொக்கம் குறைவாக இருந்தால் முதலில் ஆளைச் சந்தேகிக்க வேண்டாம். ஏணியை எடுத்துப் பரணைப் பாருங்கள். ஒவ்வொரு பெட்டியும் எத்தனை வாரச் சரக்கு என்று கேளுங்கள். எண்ணி முடித்த அன்று மாலை, எண்ணிக்கைத் தாளில் குழுவினர் அனைவரும் கையொப்பமிட்டனர். தலைவியார் சாவியைப் பொருளாளர் அம்மையாரின் வீட்டிற்கே கொண்டுசென்று கொடுத்தார். மறுநாள் காலை கடையை அவரே திறந்தார்.